ரெண்டாவது சேனல் ரெண்டாவது வருமானம் இல்லம்மா

கேள்வி: வணக்கம் சார். ஆத்தூர்ல (சேலம் மாவட்டம்) இருந்து எழுதுறேன். ஆரி ஒர்க், பிளவுஸ் தையல் சொல்லித்தர யூடியூப் சேனல் நாலு வருஷமா நடத்துறேன். 1,80,000 சப்ஸ்கிரைபர். விளம்பர காசு ஆட்சென்ஸ்ல மாசம் சராசரி 55,000 ரூபா வருது, அப்பப்ப புரமோஷன்ல ஒரு 6,000. சேஃப்டிக்குன்னு போன வருஷம் கோலத்துக்கு ரெண்டாவது சேனல் ஆரம்பிச்சேன், அதுல 4,000 வருது. இன்ஸ்டாகிராம்ல 40,000 ஃபாலோயர், காசு எதுவும் இல்ல. முன்னாடி பிளவுஸ் ஆர்டர் எடுத்தேன், நேரம் இல்லாம விட்டுட்டேன். வீட்டுக்காரரும் ஜவுளிக்கடை வேலைய விட்டுட்டு எனக்கு எடிட்டிங் பண்றார். போன மாசம் சினிமா பாட்டு போட்ட ஒரு வீடியோவுக்கு காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்துச்சு, அன்னைக்குல இருந்து தூக்கமே இல்ல. சேனல் போச்சுன்னா என்ன பண்றது? எல்லாரும் அஞ்சாறு ஆப்ல போடு போடுங்கறாங்க. எதுல எல்லாம் போடணும் சார்?

பதில்: வணக்கம்மா. மொதல்ல அந்த ஸ்ட்ரைக்க பேசி முடிச்சிடுவோம், ஏன்னா அது மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தா மத்தது எதுவும் ஏறாது. வீடியோவ டெலீட் பண்ணிட்டா ஸ்ட்ரைக் போயிடும்னு யாராவது சொல்லியிருப்பாங்க, போகாது. காப்பிரைட் ஸ்கூல்னு ஒண்ணு வரும், அத முடிச்சிட்டு 90 நாள் வெயிட் பண்ணா தானா காலாவதி ஆயிடும். இல்லன்னா ஸ்ட்ரைக் குடுத்த கம்பெனிக்கு மெயில் போட்டு வாபஸ் வாங்கிக்க சொல்லி கேக்கலாம், சில பேர் வாங்கிக்குவாங்க. ஆனா உரிமை இல்லாத பாட்டுக்கு "இது என்னோடது"னு கவுன்ட்டர் நோட்டீஸ் மட்டும் குடுத்துடாதீங்க, அது சட்டப்படி நீங்க கையெழுத்து போட்டு குடுக்குற வாக்குமூலம். ஒரு ஸ்ட்ரைக்குல சேனல் போகாது, 90 நாளுக்குள்ள மூணு சேந்தாதான் ஆபத்து. அதனால இந்த வாரமே உக்காந்து பழைய வீடியோல எதெதுல சினிமா பாட்டு இருக்குன்னு பாத்து, யூடியூப் எடிட்டர்ல அந்த பாட்ட நீக்குங்க இல்ல வீடியோவ எடுத்துடுங்க.

இப்ப நீங்க தூங்காம இருக்கறதுக்கு நிஜமான காரணத்துக்கு வரேன். நான் ஆடிட்டர், எனக்கு வீடியோ பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா பத்து பதினஞ்சு யூடியூப் காரங்களுக்கு கணக்கு பாக்குறேன், பணம் எந்த கதவு வழியா வீட்டுக்குள்ள வருதுன்னு பாக்குறதுதான் என் வேலை. அப்படி உங்க கணக்க ஒரு பேப்பர்ல போட்டேன். ஒவ்வொரு வருமானத்துக்கும் நேரா மூணே மூணு கேள்வி. எந்த லாகின்ல நடக்குது, பணம் யாரு போடுறா, ஆளுங்க எங்க இருந்து வர்றாங்க.

ஆரி சேனல் 55,000. லாகின் உங்க ஜிமெயில், பணம் போடுறது கூகுள், ஆளு வர்றது யூடியூப். கோலம் சேனல் 4,000. லாகின் அதே ஜிமெயில், பணம் அதே ஆட்சென்ஸ் (ஒரு ஆளுக்கு ஒரு ஆட்சென்ஸ்தான் குடுப்பாங்க), ஆளு வர்றதும் அதே யூடியூப். மூணு ஸ்ட்ரைக் ஆச்சுன்னா அந்த சேனல் மட்டும் போறதில்ல, அதோட சம்பந்தப்பட்ட மத்த சேனலையும் சேத்து தூக்கலாம், புதுசா ஆரம்பிக்கவும் கூடாதுங்கறது அவங்க ரூல்லயே இருக்கு. ஆட்சென்ஸ்லயும் அதே கததான், சொந்தக்காரங்க ஆசையா உக்காந்து விளம்பரத்த கிளிக் பண்ணி, செல்லாத கிளிக்னு அக்கவுண்ட முடக்கிட்டாங்கன்னா ரெண்டு சேனல் வருமானமும் ஒரே நாள்ல நிக்கும். அதனால நீங்க சேஃப்டின்னு நினைச்ச கோலம் சேனல் அதே வீட்ல இன்னொரு ரூம்தான். தீ புடிச்சா ரெண்டும் எரியும்.

புரமோஷன் 6,000 வேற ஆள் குடுக்கறதுதானேன்னு கேப்பீங்க. லாகின் வேற, பணம் போடுறவங்க வேற, சரிதான். ஆனா அந்த கடைக்காரர் உங்கள தேடி வந்தது எதுக்கு? 1,80,000னு நம்பர பாத்துதான். சேனல் போனா அவரும் ஒரு மாசம் ரெண்டு மாசத்துல போயிடுவார். ஆக 65,000மும் ஒரே தூண் மேல நிக்குது.

இதனாலதான் "எத்தனை ஆப்"னு எண்றதுல அர்த்தம் இல்லைங்கறேன். இன்ஸ்டா, பேஸ்புக், வாட்ஸ்அப் மூணுன்னு நினைப்பீங்க, மூணுக்கும் முதலாளி ஒருத்தர்தான். 2020 ஜூன் 29ஆம் தேதி ராத்திரி டிக்டாக்கோட சேத்து 59 ஆப்ப அரசாங்கம் தடை பண்ணுச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு யாரும் எந்த ரூலையும் மீறல, ஒரு ஸ்ட்ரைக் கூட கிடையாது, காலைல எந்திரிச்சா கடையே இல்ல. அடுத்தடுத்த வருஷம் அதே ஆளுங்கள்ல சிலர் நல்லா இருந்தாங்க, அவங்க எல்லாம் தடைக்கு முன்னாடியே பாக்குறவங்கள வேற எடத்துக்கும் கூட்டிட்டு போயிருந்தவங்க. தடைக்கு அப்பறம் கூப்பிடணும்னா எங்க நின்னு கூப்பிடுறது?

சரி, இப்ப உங்களுக்கு என்ன பண்ணலாம். "50 சதவீதம் இங்க, 25 சதவீதம் அங்க"ன்னு பங்கு போடுறத விட்டுடுங்க, அது மியூச்சுவல் ஃபண்ட்காரங்க பாஷை. நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான், நாளைக்கு யூடியூப்ல இருந்து சைபர் ரூபா வந்தா வீடு நடக்க மாசம் எவ்ளோ வேணும்? லோன், மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ், கரண்ட்டு, மருந்து, இவ்ளோதான், டூர், நகைச்சீட்டு எல்லாம் சேக்காதீங்க. பேச்சுக்கு 34,000னு வச்சுக்கறேன், நீங்க உங்க நோட்ட பாத்து சரியான நம்பர போட்டுக்கங்க. அந்த 34,000 கூகுள் லாகின் இல்லாம வரணும். அதுக்கு மேல யூடியூப்ல 55,000 வந்தாலும் ஒரு லட்சம் வந்தாலும் சந்தோஷமா வாங்கிக்கங்க.

இதுக்கு உங்க கைல ஏற்கனவே இருக்கறது பிளவுஸ் ஆர்டர். நேரம் இல்லன்னு விட்டுட்டேன்னு ஒரு வரில போட்டுட்டு போயிட்டீங்க, எனக்கு அங்கதான் பக்குன்னுச்சு. கல்யாண பிளவுஸ் ஆர்டர் குடுக்கறவங்க ஆத்தூர்லயும் சேலத்துலயும் இருக்காங்க, நேர்ல வர்றாங்க, அளவு குடுக்கறாங்க, பணம் குடுக்கறாங்க. எந்த கம்பெனியும் அத மூட முடியாது. மாசம் நாலே நாலு எடுங்க, கூலி மட்டும் ஒண்ணுக்கு 2,500 நின்னா 10,000. ஆடி, மார்கழில படுத்துடும், தை, ஆவணில தாங்காது, அதனால வருஷ சராசரியா பாருங்க. அதுவும் இல்லாம ஒவ்வொரு ஆர்டரும் உங்களுக்கு ஒரு வீடியோ, ரெண்டு வேலைன்னு நினைக்காதீங்க.

அடுத்தது ஆன்லைன் கிளாஸ். உங்க வீடியோக்கு கீழ கமெண்ட்ட படிச்சு பாத்தாலே தெரியும், "அக்கா ஊசி கொக்கில நூல் மாட்டவே மாட்டேங்குது", "செயின் ஸ்டிச் பின்னாடி லூசா வருது"ன்னு இருக்கும். இத வீடியோ பாத்து சரி பண்ண முடியாது, அவங்க கைய யாராவது பாத்து சொல்லணும், அதுக்குதான் காசு குடுப்பாங்க. 15 நாள், தினம் ஒரு மணி நேரம், 15 பேர், ஆளுக்கு 1,000. ஒரு பேட்ச் 15,000. 15 பேருக்கு மேல சேக்காதீங்க, ஆளுக்கு நாலு நிமிஷம் கூட கை பாக்க முடியாது, அப்பறம் ரீஃபண்ட் கேப்பாங்க. அந்த பேட்ச்சுக்கே கிட் விக்கலாம், ஃப்ரேம், ஊசி, நூல், கொஞ்சம் கட் பீட்ஸ், டிசைன் தாள்னு போட்டு கூரியர் போக 200 ரூபா நின்னா 15 பேருக்கு 3,000. கிட்ல பெருசா காசு இல்லம்மா, ஆனா எல்லாரும் ஒரே சைஸ் ஊசில பழகுனா கிளாஸ் எடுக்க உங்களுக்கு ஈசி.

ஆனா இங்க ஒரு ஓட்டை இருக்கு. கிளாஸுக்கு ஆளு வர்றது எங்க இருந்து? யூடியூப்ல இருந்துதான். அப்ப அதுவும் அதே தூண் மேலதானே? ஆமா, இன்னைக்கு தேதிக்கு அதுவும் அதே தூண்தான். இத மாத்தற வேலைய சேனல் உயிரோட இருக்கும்போதே பண்ணணும், அதாவது பாக்குறவங்களோட பேரும் நம்பரும் உங்க நோட்டுக்கு வரணும். சும்மா "வாட்ஸ்அப்ல ஜாயின் பண்ணுங்க"ன்னா யாரும் வர மாட்டாங்க. உங்க தொழில்ல கேக்காமயே கை நீட்டி வாங்குற பொருள் ஒண்ணு இருக்கு, டிரேசிங் டிசைன். ஒவ்வொரு வீடியோல போட்ட டிசைனையும் அளவு மாறாம பிரிண்ட் எடுக்குற மாதிரி பிடிஎஃப் ஆக்குங்க, "வேணும்னா இந்த நம்பருக்கு உங்க பேரு, ஊரு அனுப்புங்க, அனுப்பி வைக்கிறேன், கிளாஸ் ஆரம்பிச்சா சொல்றேன்"னு பின் பண்ணின கமெண்ட்ல போடுங்க. ஒரு வீடியோவுக்கு பத்தே பேர் வரட்டும், வாரம் ரெண்டு வீடியோன்னா ஆறு மாசத்துல 500 நம்பர் கிட்ட வந்துடும். தானா கேட்டு வந்த 500 பேர். மாசம் 15 பேர் பேட்ச் நிரப்ப இது கொஞ்ச நாளைக்கு தாங்கும், அதுக்குள்ள சேனல் இல்லன்னாலும் வேற வழி பாத்துக்கலாம்.

வாட்ஸ்அப்ல ரெண்டு விஷயம் கவனிங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேருக்குதான் போகும், அதுலயும் உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் வரும். அதனால பிடிஎஃப் அனுப்பும்போதே "நம்பர சேவ் பண்ணிக்கங்க"ன்னு சொல்லிடுங்க. ரெண்டாவது, தெரியாத ஆளுங்களுக்கு மொத்தமா அனுப்பறது, ஜிபி வாட்ஸ்அப் மாதிரி டூப்ளிகேட் ஆப் போடறது, இதெல்லாம் பண்ணா நம்பரையே பிளாக் பண்ணிடுவாங்க. தொழிலுக்கு தனி சிம் வாங்குங்க, ரீசார்ஜ் பண்ணாம கிடப்புல போட்றாதீங்க, நம்பர் கை மாறிடும். அப்பறம் அந்த பேரு நம்பர் லிஸ்ட்ட எங்க வைப்பீங்க? கூகுள் ஷீட்லதானே! அதே ஜிமெயில்ல! அக்கவுண்ட் போனா லிஸ்ட்டும் போச்சு. மாசம் ஒரு தடவ எக்ஸெலா இறக்கி பென்டிரைவ்ல போடுங்க, என்ன கேட்டா ஒரு லாங்சைஸ் நோட்லயும் எழுதி வைங்க, நான் பழைய ஆளு.

இன்ஸ்டாவ விடாதீங்க, ஆனா புதுசா அங்கேன்னு தனியா வேலை செய்யாதீங்க, யூடியூபுக்கு எடுத்ததையே வெட்டி போடுங்க. இதுல ஒரு கண்ணி இருக்கு, உங்க ஸ்ட்ரைக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம். இன்ஸ்டாவுல ஆப்புக்குள்ளயே பாட்டு லைப்ரரி இருக்கும், அது அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் லைசென்ஸ். பாட்டோட ரீல்ஸ சேவ் பண்ணி அப்படியே யூடியூப்ல ஏத்துனா பாட்டுக்காரங்க வருவாங்க. பல நேரம் வெறும் கிளைம் போட்டு விளம்பர காச மட்டும் எடுத்துக்குவாங்க, அது பரவால்ல, ஆனா வீடியோவ எடுக்கச் சொல்லி மனு குடுத்தாங்கன்னா அதுதான் ஸ்ட்ரைக். வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, எடிட் முடிஞ்சதும் பாட்டு இல்லாம ஒரு மாஸ்டர் காப்பி எக்ஸ்போர்ட் பண்ணி ஹார்டிஸ்க்ல வச்சுட்டு, அதுல இருந்து ஒவ்வொரு எடத்துக்கும் தனித்தனியா பாட்டு சேக்கணும், யூடியூபுக்கு அவங்களோட ஆடியோ லைப்ரரில இருக்கறது போதும். பழைய நாலு வருஷ வீடியோவயும் கூகுள் டேக்அவுட்ல இறக்கி வச்சிடுங்க. சேனல் போனா வீடியோவும் சேந்து போகும், வேற எடத்துல கட கட்டணும்னா சரக்கு கைல இருக்கணும்ல.

பாலிசி, ஸ்ட்ரைக்னு பயந்துட்டு இருக்கீங்க, அக்கவுண்ட் போறதுக்கு இன்னொரு வழி இருக்கு, அது புரமோஷன் மெயில்ல வரும். "எங்க மெஷின புரமோட் பண்ணுங்க, அக்ரிமெண்ட் இணைச்சிருக்கோம்"னு பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப் ஃபைல் இருக்கும், திறந்தா பிடிஎஃப் படம் மாதிரிதான் தெரியும், ஆனா பேரு கடைசில `.scr` இல்ல `.exe`ன்னு முடியும். அத ஒரு தடவ டபுள் கிளிக் பண்ணா போதும், பிரவுசர்ல நீங்க லாகின் ஆகி இருக்கற குக்கீய திருடிட்டு போயிடும், ஓடிபி கூட கேக்காது. கொஞ்ச நேரத்துல உங்க சேனல் பேரு மாறி கிரிப்டோ லைவ் ஓடிட்டு இருக்கும். அதனால எடிட்டிங் லேப்டாப்ல உங்க மெயின் ஜிமெயில் இருக்கவே கூடாது. வீட்டுக்காரருக்கு அவரோட சொந்த ஜிமெயில்ல யூடியூப் ஸ்டூடியோவுல Settings → Permissions போய் Editor மட்டும் குடுங்க, பாஸ்வேர்டு குடுக்காதீங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னன்னு கேக்காதீங்க, திருடனுக்கு அது தெரியாது.

இனி பேங்க். இதத்தான் யாருமே யோசிக்கறதில்ல, ஆனா என் கிளையண்ட் ஒருத்தங்களுக்கு சேனல் நல்லா இருக்கும்போதே சோறு நின்ன கதை இது. கேக் கிளாஸ் எடுக்கறவங்க, யூபிஐல ஃபீஸ் வாங்குவாங்க. யாரோ ஒருத்தர் போட்ட 1,500 ரூபா எங்கயோ ஆன்லைன் மோசடில கை மாறி வந்த பணம், வேற மாநிலத்துல கம்ப்ளைண்ட் ஆகி, பேங்க் இவங்க அக்கவுண்ட்டையே முடக்கிடுச்சு. பிரச்சனை 1,500க்குதான், முடங்குனது முழு பேலன்ஸும். ஆட்சென்ஸ் பணமும் அதே அக்கவுண்ட்ல விழுந்து உள்ளயே கெடந்துச்சு, லோன் ஆட்டோ டெபிட் பவுன்ஸ். பேங்க்ல கம்ப்ளைண்ட் நம்பரும் எந்த ஸ்டேஷன்னும் எழுதி வாங்கி, ரசீது, சாட், கிளாஸ் அட்டெண்டன்ஸ் எல்லாம் மெயில் போட்டு விடுவிக்க ஏழு வாரம் ஆச்சு. ரசீது இருந்ததால ஏழு வாரம், இல்லன்னா எவ்ளோன்னு தெரியாது. அதனால முகம் தெரியாதவங்ககிட்ட யூபிஐ வாங்கறதுக்கு ஒரு பேங்க், கூகுள் பணமும் லோனும் வேற ஒரு பேங்க், ஒரே பேங்க்ல ரெண்டு அக்கவுண்ட் வேண்டாம். யூபிஐ அக்கவுண்ட்ல வாரக் கடைசில சேந்தத அப்படியே விடாம மாத்திடுங்க. ஃபீஸ் வாங்குனா பேரு, தேதி, யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பரோட ஒரு சின்ன ரசீது அனுப்புங்க.

ஆட்சென்ஸ் பணத்தையும் பேங்க்ல விழுற வரைக்கும் உங்க பணம்னு எண்ணாதீங்க. இந்த மாசம் சம்பாதிச்சது அடுத்த மாசம் 21ல இருந்து 26க்குள்ளதான் வருது, நடுவுல அக்கவுண்ட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாக்கி நிக்கலாம். அப்ப ஸ்டூடியோல தெரியுற நம்பர வச்சு இஎம்ஐ போட்டு எதையும் வாங்காதீங்க. மூணு மாச 34,000, அதாவது 1,02,000, யூபிஐ இல்லாத அக்கவுண்ட்ல நிக்கட்டும், ஸ்ட்ரைக் காலாவதி ஆகுற 90 நாளும் அதுக்கு கிட்டத்தட்ட சரியா வருது பாருங்க.

ஆடிட்டரா ஒண்ணு சொல்லாம விட்டா எனக்கே தூக்கம் வராது. எல்லா வருமானமும் சேத்து, ஆட்சென்ஸும் சேத்துதான், வருஷம் 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி எடுக்கணும், நீங்க இப்ப அதுல பாதி கூட இல்ல, பிரச்சனை இல்ல. ஆனா இந்த கிட் பெங்களூருக்கோ பாண்டிச்சேரிக்கோ அனுப்புனா கதை வேற, வெளி மாநிலத்துக்கு சரக்கு வித்தா முதல் ரூபால இருந்தே ஜிஎஸ்டி நம்பர் வேணும். கிளாஸ் மட்டும் எந்த மாநிலத்துக்கு எடுத்தாலும் 20 லட்சம் வரைக்கும் வேண்டாம். அதனால இப்போதைக்கு கிட் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும், வெளி மாநில புள்ளைங்களுக்கு என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் அனுப்பிடுங்க.

இப்ப கூட்டி பாப்போம். ஆர்டர் 10,000, கிளாஸ் 15,000, கிட் 3,000. 28,000 ஆச்சு. யூடியூப் போயிடுச்சுன்னா அந்த மாசத்துல கிளாஸ் பாதியாயிடும்னு வச்சுக்கணும், கிட்டும் கூடவே பாதி, அப்ப 19,000தான். 15,000 துண்டு விழுது. அத எங்க இருந்து எடுக்கறது?

உங்க வீட்டுக்காரர் கிட்ட இருந்து. கோவிச்சுக்காதீங்க, அவர் ஜவுளிக்கடைக்கு போயிட்டு இருந்த வரைக்கும் உங்க வீட்ல ரெண்டு தூண் இருந்துச்சு, அவர் சம்பளத்துக்கும் கூகுளுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அவர் வேலைய விட்டு எடிட்டிங்குக்கு வந்த அன்னைக்குதான் நீங்க ஒத்த தூணுக்கு வந்தீங்க, ஸ்ட்ரைக் வந்த அன்னைக்கு இல்ல. திரும்ப கடைக்கு போகணும்னு நான் சொல்லல, அவர் இப்ப எடிட்டிங் கத்துக்கிட்டாரே. ஆத்தூர்ல, சேலத்துல கல்யாண ஸ்டூடியோகாரங்க முகூர்த்த மாசத்துல எடிட்டர் கிடைக்காம அலையுவாங்க, ஒரு வீடியோவுக்கு இவ்ளோன்னு பேசி காச கைல குடுப்பாங்க. உங்க சேனல் வேலைக்கு அவருக்கு வாரத்துல எத்தன நாள் ஆகுதுன்னு ஒரு வாரம் எழுதி பாருங்க, மூணு நாளைக்கு மேல வராதுன்னு நினைக்கிறேன். மிச்ச நாளுக்கு அவர ரெண்டு ஸ்டூடியோவுக்கு போய் பேசிட்டு வரச் சொல்லுங்க. உங்க சேனல்ல பண்ண எடிட்ட காட்டி கேக்கட்டும், பாட்டு இல்லாத காப்பிய.